இரண்டு தலைப்புகள், நாளுக்கு 300 ரூபாய்: விளம்பரச் சோதனையின் கணக்கு

மதுரையில் வீட்டு மாடிகளில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து தரும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்; கூகுள் தேடலில் விளம்பரம் செய்ய நாளுக்கு 300 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. உரிமையாளர் மனத்தில் இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. முதலாவது, ‘தொட்டி சுத்தம் ₹499 முதல்’. இரண்டாவது, ‘ஒரே நாளில் தொட்டி சுத்தம்’. இவற்றில் எது அதிக வேலையைக் கொண்டுவரும் என்பதை ஊகிக்காமல் அளந்து பார்ப்பதற்குப் பெயர்தான் தலைப்புச் சோதனை. இந்தத் தொழிலும் கீழே வரும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறையை மட்டும் உங்கள் எண்களுக்கு அப்படியே பயன்படுத்தலாம்.

முதலில் ஒரு தடையை விலக்க வேண்டியிருக்கிறது. கூகுள் தேடல் விளம்பரத்தில் இன்று நாம் ஒரே ஒரு தலைப்பை எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு விளம்பரத்துக்குக் குறைந்தது 3, அதிகபட்சம் 15 தலைப்புகள் வரை கொடுக்கிறோம். அவற்றுள் எவற்றை எந்த வரிசையில் சேர்த்துக் காட்டுவது என்பதை இயந்திரமே முடிவு செய்கிறது. தலைப்புகளை நாமே நிலையாக அமைத்துக்கொள்ள உதவிய பழைய வகை விளம்பரத்தைப் புதிதாக உருவாக்கும் வசதி 2022 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆகவே இரண்டு தலைப்புகளையும் ஒரே விளம்பரத்துக்குள் போட்டுவிட்டு எது வெல்கிறது என்று காத்திருந்தால் அது சோதனையாகாது. ஒருவருக்கு ஒரு தலைப்பும், இன்னொருவருக்கு இரண்டும் சேர்ந்தும் தெரிந்திருக்கும். கிளிக் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

இதற்கான மாற்று எளிமையானது. ஒரே விளம்பரக் குழுவுக்குள் இரண்டு விளம்பரங்களை உருவாக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்றே தலைப்புகள் போதும். சோதிக்கப்படும் தலைப்பை முதல் இடத்தில் குத்தி வைக்க வேண்டும். திரையில் இந்த வசதியின் பெயர் `Pin`. இரண்டாம் இடத்தில் தொழிலின் பெயரும் மூன்றாம் இடத்தில் ‘மதுரை முழுவதும் சேவை’ போன்ற ஒரு பொது வரியும் இரண்டு விளம்பரங்களிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். விளக்க வரிகளும் அப்படியே. இவ்வாறு குத்தி வைக்கும்போது `Ad strength` என்ற அளவுகோல் கீழே இறங்கி உங்களை எச்சரிக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் எந்த விளம்பரம் எங்கே தோன்றும் என்று கூகுள் நடத்தும் ஏலத்தில் அந்த அளவுகோல் உங்கள் விளம்பரத்தின் இடத்தை நேரடியாக முடிவு செய்வதில்லை என்பதால், சோதனை நடக்கும் வரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்கள் ஒரு தலைப்புக்கான 30 எழுத்து வரம்பிலேயே முதலில் தடுமாறுவார்கள். ‘ஒரே நாளில் தொட்டி சுத்தம்’ என்பதை நாம் எண்ணினால் பன்னிரண்டு எழுத்துகளும் மூன்று இடைவெளிகளும்தான். கணினியோ ‘ளி’ என்பதை ‘ள’ என்றும் இகரக் குறி என்றும் இரண்டாகச் சேமிக்கிறது. புள்ளியும் அதற்குத் தனிக் குறியீடுதான். அந்தக் கணக்கில் இதே தலைப்பு 25 ஆகிவிடுகிறது. நம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் ஒரு வரி பெட்டிக்குள் அடங்காமல் போவதற்கு இதுவே காரணம். அடங்கவில்லை என்பதற்காக ஒரு தலைப்பை மட்டும் சுருக்கி அதன் கருத்தையே சிதைத்துவிடாமல், இரண்டையும் தொடக்கத்திலிருந்தே ஒத்த நீளத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்து, இரண்டு விளம்பரங்களுக்கும் சம வாய்ப்புக் கிடைக்க வேண்டும். விளம்பர அமைப்புகளில் `Ad rotation` என்ற பகுதி இருக்கிறது. அதன் இயல்பான தேர்வு, நன்றாகச் செயல்படும் என்று இயந்திரம் கருதும் விளம்பரத்தையே அதிகம் காட்டுவதாகும். சில பத்து கிளிக்குகளை மட்டுமே கண்டு அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மற்ற விளம்பரத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாமல் போகும். ஆகவே இங்கே `Do not optimize` என்று தொடங்கும் தேர்வுக்கு மாற்ற வேண்டும். வாடிக்கையாளர்களின் விசாரணைகளை இலக்காக வைத்துக் கிளிக்குக்கான விலையை இயந்திரமே கேட்கும் ஏல முறைகளைப் பயன்படுத்தினால் இந்த அமைப்பு செல்லாது. எனவே சோதனைக் காலத்தில், ஒரு கிளிக்குக்கான விலையை நாமே குறிக்கும் `Manual CPC` அல்லது ஒதுக்கிய தொகைக்குள் அதிகக் கிளிக்கைத் தேடும் `Maximize clicks` போதும். கணக்கில் தானாக மாற்றங்களைச் செய்யும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனையின் நடுவில் நீங்கள் எழுதாத ஒரு தலைப்பு உங்கள் விளம்பரத்தில் வந்து சேரக்கூடும். அப்படி ஏதேனும் நடந்திருக்கிறதா என்பதை `Change history` பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

விசாரணை எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்பதை அறிய, சிறு தொழிலுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நம் ஊரில் பெரும்பாலான விசாரணைகள் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. விளம்பரத்தைத் தொட்டால் திறக்கும் இணையப் பக்கத்துக்கு இரண்டு நகல்கள் செய்து, முதல் விளம்பரத்தை ஒரு நகலுக்கும் இரண்டாவதை மற்றதற்கும் இணைத்துவிட்டு, பக்கத்தில் உள்ள வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே நிரப்பிய செய்தியை மட்டும் மாற்றினால் போதும்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Tank%20cleaning%20A
https://wa.me/91XXXXXXXXXX?text=Tank%20cleaning%20B
```

வாடிக்கையாளர் பொத்தானைத் தொட்டதும் ‘Tank cleaning A’ என்ற வரி தானாக நிரம்பி நிற்கும். அனுப்பியவுடன் அவர் எந்தத் தலைப்பைப் பார்த்து வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பத்திரிகை விளம்பரக் காலத்தில் கூப்பன்களில் வெவ்வேறு குறியீடுகளை அச்சிட்டு எண்ணிய அதே உத்திதான் இது. சிலர் அந்த வரியை அழித்துவிட்டுத் தங்கள் கேள்வியை எழுதுவார்கள். சிலர் எண்ணைப் பார்த்து நேராக அழைத்துவிடுவார்கள். இந்த இழப்பு இரண்டு தலைப்புகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நேரும் என்பதால் ஒப்பீட்டை அது பெரிதாகக் கெடுப்பதில்லை.

வித்தியாசம் உண்மையா, தற்செயலா?

இனி முடிவுகளைப் படிக்கும் இடத்துக்கு வருவோம். பலர் தவறுவது இங்கேதான்.

ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் பூவும் தலையும் சரியாக ஐம்பது ஐம்பதாக விழுவது அரிது. 54-க்கு 46, 47-க்கு 53 என்று வருவதுதான் வழக்கம். நாணயத்தில் ஒரு குறையும் இல்லாதபோதே இந்த ஏற்றத்தாழ்வு தோன்றுகிறது. 60-க்கு 40 என்ற அளவுக்குப் பிரிவது ஏறக்குறைய 20 முறைக்கு ஒரு முறைதான் நிகழும் என்பதால், அப்படி வந்தால் மட்டும் நாணயத்தைச் சந்தேகிக்கலாம். ஒரே தலைப்பைக் கொண்ட இரண்டு விளம்பரங்களை ஓடவிட்டாலும் இதே கதைதான். ஒன்று 54 கிளிக் பெறும், மற்றது 46 பெறும். அந்த எட்டு கிளிக் வித்தியாசத்துக்கு எந்தக் காரணமும் இருக்காது.

ஆகவே வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருந்தால் நம்பலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். இரண்டு விளம்பரங்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் காட்டப்பட்டிருந்தால் ஓர் எளிய விதி போதும். இரண்டின் கிளிக்குகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை எடுத்து, இரண்டால் பெருக்குங்கள்.

```
எல்லை = 2 × √(A + B)
```

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எல்லையைத் தாண்டினால் அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்; தாண்டாவிட்டால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்றே பொருள். நாணயத்தின் 100 சுண்டல்களுக்கு இந்த எல்லை 20. மேலே கண்ட 60-க்கு 40 என்பதும் அதுவே. செல்பேசியில் உள்ள கணிப்பான் இதற்குப் போதும்.

இந்த விதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், சிறு தொகை வைத்திருப்பவர் எதைச் சோதிக்கலாம், எதைச் சோதிக்கக் கூடாது என்பது தெளிவாகிறது. ஒரு தலைப்பு மற்றதைவிட இரண்டு மடங்கு கிளிக் தருமானால், மொத்தம் 36 கிளிக்கிலேயே வித்தியாசம் எல்லையைத் தொட்டுவிடும். ஒன்றரை மடங்கு என்றால் 100 கிளிக் தேவை. 20 சதவீதம்தான் கூடுதல் என்றால் சுமார் 480 கிளிக். 10 சதவீதம் என்றால் சுமார் 1,760 கிளிக். இவையும் எல்லையைத் தொடுவதற்கான எண்ணிக்கைகள்தாம். பெரும்பாலும் தவறவிடாமல் கண்டுபிடிக்க வேண்டுமானால் இதைப் போல இரு மடங்கு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு கிளிக் 10 ரூபாய் என்றால் பத்து சதவீத வித்தியாசத்தைத் தேடுவதற்கு 35,000 ரூபாய் செலவாகும்.

‘இன்றே அழையுங்கள்’ என்பதற்கும் ‘இப்போதே அழையுங்கள்’ என்பதற்கும் இடையே சோதனை நடத்துவது நாளுக்கு 300 ரூபாய் செலவிடுபவருக்குப் பணத்தை வீணாக்குவதே ஆகும். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தாலும் அதை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. விலையா, வேகமா, நம்பிக்கையா என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் காரணமே மாறுகிற தலைப்புகளைத்தான் அவர் எதிரெதிரே நிறுத்த வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒன்று விலையையும் மற்றது வேகத்தையும் பேசுவதற்குக் காரணம் இதுதான். ஒரே நேரத்தில் ஐந்து தலைப்புகளைச் சோதிக்க ஆசைப்படுவதும் தவறு. கிளிக்குகள் ஐந்து கூறாகப் பிரிந்துவிடும்; ஒப்பிட வேண்டிய இணைகளோ பத்து ஆகிவிடும். அத்தனை இணைகளில் ஏதேனும் ஒன்று தற்செயலாகவே எல்லையைத் தாண்டி நம்மை ஏமாற்றும் வாய்ப்பு மிகவும் கூடிவிடுகிறது.

இரண்டு வாரத்தில் ஒரு முடிவு, ஆறு வாரத்தில் ஒரு முடிவு

நம் தொட்டிக்காரர் ஆறு வாரம் ஓடவிடுவது என்று தொடங்குமுன்பே எழுதி வைத்துக்கொள்கிறார். நாளுக்கு 300 ரூபாய் வீதம் 42 நாளுக்கு 12,600 ரூபாய். ஒரு கிளிக் சராசரியாக 10 ரூபாய் என்றால் 1,260 கிளிக் கிடைக்கும். முழு வாரங்களாகக் கணக்கிடுவதற்கு ஒரு காரணம் உண்டு: தொட்டி சுத்தம் செய்ய நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேடுவதும் புதன்கிழமை தேடுவதும் ஒரே மாதிரி இருக்காது. தவிர, கூகுள் ஒரு நாளில் நாம் சொன்ன தொகையின் இரு மடங்கு வரை செலவழித்துவிட்டு வேறு நாள்களில் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் 560 ரூபாய் போய்விட்டதே என்று பதறிப் பாதியில் நிறுத்தினால் கணக்கு குலைந்துவிடும்.

இரண்டாம் வாரத்தின் முடிவில் அறிக்கை இப்படி இருக்கிறது. விலைத் தலைப்புக்கு 231 கிளிக். வேகத் தலைப்புக்கு 189. இரண்டும் ஏறக்குறைய தலா 4,200 முறை காட்டப்பட்டிருக்கின்றன. கூட்டுத்தொகை 420, எல்லை சுமார் 41, வித்தியாசம் 42. விலைத் தலைப்பு வென்றுவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நாளுக்கான தொகை முழுவதும் தீர்ந்துவிடுகிற ஒரு சிறு விளம்பரத்தில், அதிகம் கிளிக் பெறும் தலைப்பு மொத்தத்தில் கூடுதல் கிளிக்கைத் தந்துவிடாது. 300 ரூபாய்க்கு 30 கிளிக்தான். தலைப்பு கவர்ச்சியாக இருந்தால் அந்த 30 கிளிக்கும் மாலைக்குப் பதிலாக மதியமே தீர்ந்துபோகும். மக்கள் அதிகம் கிளிக் செய்யும் விளம்பரத்துக்குக் காலப்போக்கில் கிளிக் விலை ஓரளவு குறையலாம் என்பது உண்மை. ஆயினும் அது இரண்டாம் நிலைப் பயன்தான். எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதைத் தொகை முடிவு செய்துவிடுகிறது. யார் கிளிக் செய்கிறார்கள் என்பதைத்தான் தலைப்பு முடிவு செய்கிறது. ஆகவே நாம் படிக்க வேண்டிய எண் விசாரணை.

விசாரணைகளைப் பார்த்தால் விலைத் தலைப்பிலிருந்து 16, வேகத் தலைப்பிலிருந்து 19. ஒரு விசாரணைக்கான செலவு முதலாவதற்கு 144 ரூபாய், இரண்டாவதற்கு 99 ரூபாய். இப்போது மனம் எதிர்ப்பக்கம் தாவுகிறது. வேகத் தலைப்புதான் மலிவு, மற்றதை நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் 16-ஐயும் 19-ஐயும் கூட்டினால் 35. எல்லை சுமார் 12. வித்தியாசம் வெறும் 3. விசாரணைக்கான செலவு என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் அது நிற்பது இந்தச் சிறிய எண்ணிக்கைகளின் மேல்தான். இன்னும் மூன்று பேர் முதல் பக்கத்தில் செய்தி அனுப்பியிருந்தால் இரண்டின் விசாரணை எண்ணிக்கையும் சமமாகியிருக்கும். எனவே இரண்டு வாரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றே: விலையைப் பார்த்துக் கிளிக் செய்பவர்கள் அதிகம் என்று தெரிகிறது, அவர்கள் வாடிக்கையாளர்களாக மாறுகிறார்களா என்பது இன்னும் தெரியவில்லை.

நாள்தோறும் அறிக்கையைத் திறந்து, வித்தியாசம் எல்லையைத் தாண்டிய அன்றைக்கே நிறுத்திவிடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விதி ஒரே ஒருமுறை, முடிவில் பார்ப்பதற்காக அமைந்தது. அப்படிப் பார்த்தால் ஒரே தரமுள்ள இரண்டு தலைப்புகளில் ஒன்று வென்றதாகத் தவறாகத் தோன்றும் வாய்ப்பு 20-இல் ஒன்று. சோதனையின் போக்கில் பத்து முறை பார்த்து, தாண்டியவுடன் நிறுத்துவதென்றால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 5-இல் ஒன்றாக உயர்ந்துவிடும். பணம் சரியாகச் செலவாகிறதா, விளம்பரம் ஓடுகிறதா என்று தினமும் பார்ப்பதில் தவறில்லை. வெற்றியாளரை அறிவிக்கும் நாளைத்தான் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும்.

ஆறு வாரம் முடிகிறது. விலைத் தலைப்புக்கு 682 கிளிக், 41 விசாரணை. வேகத் தலைப்புக்கு 578 கிளிக், 64 விசாரணை. கிளிக்கில் வித்தியாசம் 104, எல்லை 71. விசாரணையில் வித்தியாசம் 23. கூட்டுத்தொகை 105-க்கு எல்லை சுமார் 20.5. இரண்டுமே தாண்டிவிட்டன, ஆனால் எதிரெதிர்த் திசைகளில். கிளிக்கை ஈர்த்த தலைப்பு தோற்றது. அதில் ஒரு விசாரணைக்கு 166 ரூபாய் செலவாகியிருக்கிறது. மற்றதில் 90 ரூபாய்.

ஏன் என்பதை எண்கள் சொல்லாது. வந்த செய்திகளைப் படிக்க வேண்டும். விலைத் தலைப்பின் வழி வந்தவர்களில் பலர் ‘2,000 லிட்டர் தொட்டிக்கும் 499 தானா?’ என்று கேட்டிருந்தால், பக்கத்தில் முழு விலைப்பட்டியலைக் கண்டதும் கேட்காமலே திரும்பிப் போனவர்கள் அவர்களைவிட அதிகம் என்று ஊகிக்கலாம். ‘முதல்’ என்ற சொல் பலரை உள்ளே அழைத்திருக்கிறது. அவர்களில் பலருடைய தொட்டி அந்த விலைக்கு அடங்காதது. வேகத் தலைப்பைக் கிளிக் செய்தவர்களோ, தொட்டியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று முன்பே தீர்மானித்தவர்களாக இருக்கலாம்.

இந்த முடிவுக்கு எல்லைகள் உண்டு. இரண்டு விளம்பரங்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் காட்டப்பட்டிருந்தால் மட்டுமே மேலே சொன்ன விதி செல்லும். சம வாய்ப்பு கொடுத்தாலும் ஒவ்வொரு தேடலுக்கும் ஏலத்தில் வென்றால்தான் விளம்பரம் தோன்றும் என்பதால், ஒன்று 15,000 முறையும் மற்றது 10,000 முறையும் காட்டப்படுவது நடக்கக்கூடியதே. அப்படி நேர்ந்தால் நேரடி எண்ணிக்கைகளை ஒப்பிடக் கூடாது. கூகுளிலேயே `Experiments` பகுதியில் தேடல்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து நடத்தும் சோதனைக்கு மாறுவது நல்லது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கும் இது பொருந்தும்: ஒரே தொகுப்பில் இரண்டு விளம்பரங்களைப் போட்டால் தொகையின் பெரும்பகுதி விரைவிலேயே ஒன்றின் பக்கம் போய்விடும், அங்கே `A/B test` வசதிதான் பார்வையாளர்களை இரு கூறாகப் பிரித்துத் தருகிறது.

இன்னொரு எல்லை, காலம். வெயில் காலத்தில், தண்ணீர் குறைந்த நாள்களில் தொட்டியைக் கழுவ நினைப்பவரும், மழைக்குப் பின் கலங்கிய நீரைக் கண்டு தேடுபவரும் ஒரே காரணத்துக்காகத் தேடுவதில்லை. மார்ச்சில் வென்ற தலைப்பை அக்டோபரில் ஒருமுறை மீண்டும் நிறுத்திப் பார்ப்பது தேவை. அதுவரை நம் தொட்டிக்காரர் விலைத் தலைப்பை நிறுத்திவிட்டு, வேகத் தலைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு எதிரே ‘1000 லிட்டர் தொட்டி ₹699’ என்று அளவையும் விலையையும் ஒருசேரச் சொல்லும் புதிய தலைப்பை நிறுத்தி, அடுத்த ஆறு வாரத்துக்கான தேதியைக் குறித்துக்கொள்கிறார்.